8 ஜிபி என்று எழுதியிருந்த போன்: ஆறு மாதத்துக்குப் பிறகு

8 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், 50 மெகாபிக்ஸல் ஏஐ டூயல் கேமரா, 5000 எம்ஏஎச் பேட்டரி, 90 ஹெர்ட்ஸ் திரை, 18 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங். பெட்டியில் இவ்வளவும் கொட்டை எழுத்தில் இருந்தன. விலை ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. திருச்சியில் டூவீலரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் இளைஞர் வாங்கிய போன் இது. காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை மேப், டெலிவரி ஆப், யுபிஐ, வாட்ஸ்அப், பார்சலைப் படம் எடுக்க கேமரா என்று ஓயாமல் வேலை வாங்கியிருக்கிறார்.

புதுப்போன் வந்த வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களில் எல்லா போன்களும் வேகமாகத்தான் இருக்கும். ஸ்டோரேஜ் காலியாக இருக்கும், பேட்டரி புதிதாக இருக்கும், ஏசி அறையில் சோதனை நடக்கும். ஆறு மாத வெயிலுக்கும் வேலைக்கும் பிறகு அதே விவரப் பட்டியலை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் சில வரிகள் நிமிர்ந்து நிற்கின்றன. சில வரிகள் ஓரத்தில் உள்ள நட்சத்திரக் குறியைத் தேட வைக்கின்றன.

முதல் நட்சத்திரக் குறி ரேமுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அதன் விளக்கம்: 4 ஜிபி ரேம், கூடவே 4 ஜிபி விர்ச்சுவல் ரேம். உள்ளே இருக்கும் உண்மையான ரேம் சிப் 4 ஜிபிதான். மீதி நான்கும் 64 ஜிபி ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கிக்கொண்ட இடம். ரேம் நிறைந்துவிட்டால், அப்போதைக்குப் பயன்படாத ஆப்களின் தகவலைப் போன் அந்த இடத்துக்கு மாற்றி வைக்கும். திரும்பத் தேவைப்பட்டால் எடுத்து வரும். சமையல் மேடையில் இடம் போதாமல் பாத்திரத்தைப் பரணில் ஏற்றி வைப்பதைப் போலத்தான். இடம் கிடைக்கிறது, ஆனால் எடுக்க ஏணி போட வேண்டும்.

அந்த ஏணியின் உயரம் எவ்வளவு என்பதைப் பட்டியலில் எழுதாமல் விட்ட ஒரு விவரம் தீர்மானிக்கிறது. இந்தப் போனில் இருக்கும் ஸ்டோரேஜ் இஎம்எம்சி 5.1 வகை. அதன் உச்ச வரம்பு நொடிக்கு 400 எம்பி. இதே போனில் உள்ள ரேம் நொடிக்குப் பத்து ஜிபிக்கு மேல் தகவலைக் கைமாற்றக்கூடியது. ஆகவே பெட்டியில் ஒன்றாகக் கூட்டி 8 என்று எழுதப்பட்ட இரண்டு நான்குகளில், ஒரு நான்கு மற்றதைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் மந்தம். தகவலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுக்கும்போது அந்த 400 எம்பியும் கிடைப்பதில்லை. தவிர, இஎம்எம்சி ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்யாது; ஒன்று முடிந்துதான் மற்றது. கொஞ்சம் விலை கூடிய போன்களில் வரும் யுஎஃப்எஸ் வகை ஸ்டோரேஜ் இரண்டையும் ஒன்றாகச் செய்யும்.

இது தெருவில் எப்படித் தெரிகிறது? மேப் ஓடிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் போன் செய்கிறார். பேசி முடித்ததும் பணம் வந்ததா என்று யுபிஐ ஆப்பைத் திறக்கிறார் இளைஞர். பார்த்துவிட்டு மேப்புக்குத் திரும்பினால் அது விட்ட இடத்தில் இல்லை. முதலிலிருந்து திறக்கிறது, சேர வேண்டிய முகவரியை மறுபடி தட்ட வேண்டியிருக்கிறது. இதுதான் ரேம் போதவில்லை என்பதற்கான அடையாளம். பின்னணியில் இருந்த ஆப்பைப் போன் மூடிவிட்டது என்று பொருள். செட்டிங்ஸில் விர்ச்சுவல் ரேமை நிறுத்திவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். ஆப்கள் மூடிக்கொள்வதில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. ஸ்டோரேஜில் 4 ஜிபி மட்டும் திரும்பக் கிடைத்தது.

அந்த 4 ஜிபி இந்தப் போனுக்குப் பெரிய விஷயம். 64 ஜிபியில் ஆண்ட்ராய்டும், கம்பெனி போட்டுக் கொடுத்த ஆப்களும், விர்ச்சுவல் ரேமும் எடுத்துக்கொண்டது போக முதல் நாளே கையில் இருந்தது நாற்பது சொச்சம்தான். டெலிவரிப் படங்கள், வாட்ஸ்அப் குரூப்புகளில் தானாக இறங்கும் வீடியோக்கள், ஒவ்வொரு ஆப்பும் சேர்த்து வைக்கும் கேஷ் எல்லாம் சேர்ந்து ஐந்தாவது மாதத்தில் அதை நிரப்பிவிட்டன. போன் திணற ஆரம்பித்தது அப்போதுதான். கேமராவைத் தட்டினால் மூன்று நான்கு நொடி கறுப்புத் திரை. கீபோர்டு வருவதற்கே தாமதம்.

"போன் போயிருச்சு அண்ணே, மாத்தணும்போல" என்று சர்வீஸ் கடைக்குப் போனவரிடம் கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "போனுக்கு ஒண்ணும் ஆகல தம்பி. ஸ்டோரேஜ் ரொம்பிருச்சு. ஒரு பதினஞ்சு ஜிபி காலி பண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

கடைக்காரர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. ஃப்ளாஷ் மெமரியில் பழைய தகவலின் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய கட்டத்தை முழுவதுமாக அழித்தாக வேண்டும். காலி இடம் நிறைய இருக்கும்வரை இந்தச் சுத்தம் செய்யும் வேலை பின்னணியில் ஓசைப்படாமல் நடக்கும். இடம் நெருக்கடியானதும் ஒவ்வொரு படத்தைச் சேமிக்கும்போதும் அங்கிருப்பதை இங்கே நகர்த்தி, அழித்து, பிறகு எழுத வேண்டிய நிலை. இஎம்எம்சியில் அந்த நேரத்தில் படிக்கிற வேலையும் நின்றுவிடுவதால் போன் முழுவதும் உறைந்த மாதிரி தெரிகிறது. வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்தி, படங்களை மெமரி கார்டுக்கு மாற்றி, நான்கில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வைத்த பிறகு இந்தப் போன் பழைய நடைக்கு வந்துவிட்டது. மெமரி கார்டுக்குத் தனி இடம் கொடுத்திருப்பது பட்டியலில் கடைசியில் கிடந்த வரி. ஆறு மாதத்தில் அதிகம் உதவிய வரிகளில் அதுவும் ஒன்று.

பேட்டரி வரி பெரும்பாலும் சொன்னபடி நடந்திருக்கிறது. 5000 எம்ஏஎச் என்பதற்குப் பக்கத்தில் 'டிபிக்கல்' என்ற சொல் இருக்கும். உற்பத்தியாகும் பேட்டரிகளின் சராசரி அளவு அது; உறுதியாகக் கிடைக்கும் குறைந்தபட்ச அளவு வழக்கமாக அதைவிடச் சற்றுக் குறைவு. வாங்கிய புதிதில் இளைஞருக்கு இரவு ஒன்பது மணிக்கு முப்பது சதவீதம் மிச்சமிருக்கும். இப்போது அதே வேலைக்கு இருபதைத் தொட்டுவிடுகிறது. நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி ஆறு மாதத்தில் சில சதவீதம் தளர்வது இயல்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், 800 முறை முழுமையாக சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரி குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவைத் தக்க வைக்க வேண்டும் என்பது சட்டம். இந்தப் போனின் பட்டியலில் அப்படி எந்த எண்ணும் இல்லை.

சார்ஜிங்கில்தான் வார்த்தை விளையாட்டு. போன் 18 வாட் ஏற்கும் என்பது உண்மை. ஆனால் பெட்டிக்குள் இருந்த சார்ஜர் 10 வாட். 5000 எம்ஏஎச் பேட்டரியை 3.85 வோல்டால் பெருக்கினால் ஏறக்குறைய 19 வாட்-மணி. பத்து வாட்டில், வெப்பமாக வீணாவதையும் கடைசி இருபது சதவீதத்தில் வேகம் தானாகக் குறைவதையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்தை நெருங்குகிறது. நடப்பிலும் அப்படித்தான் ஆகிறது. 18 வாட் வேண்டுமானால் பொருத்தமான சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் போன் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

வெயில் இந்தப் போனின் பெரிய பலவீனம். 90 ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறது; விரலால் தள்ளும்போது ஓட்டம் வழுவழுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். வெளியில் வேலை செய்பவருக்கு வேண்டிய எண் திரையின் வெளிச்ச அளவான நிட்ஸ். அதைப் பட்டியல் சொல்லவே இல்லை. மே மாத மதியத்தில் ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் மேப்பின் கோடுகள் தெரியாமல், மரநிழலில் வண்டியை நிறுத்தித்தான் வழி பார்க்க முடிந்தது. சூடு ஏறியதும் போன் தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தை இன்னும் குறைக்கிறது, சார்ஜ் ஏறுவதையும் நிறுத்துகிறது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால் அப்படி நிறுத்துவது சரியான ஏற்பாடுதான். அதைக் கோளாறு என்று எண்ணி வெயிலில் பவர்பேங்கைச் செருகிக்கொண்டே ஓட்டுவதுதான் தவறு.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 மெகாபிக்ஸல் சென்சார் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்ஸல் படமாகத்தான் தருகிறது. இது ஏமாற்று அல்ல; சிறிய சென்சாரில் வெளிச்சத்தைக் கூட்ட எல்லாக் கம்பெனிகளும் செய்வதுதான். பகலில் முகவரிச் சீட்டின் எழுத்துகள் தெளிவாக வருகின்றன, இரவில் தெருவிளக்கின் கீழ் குழைந்துவிடுகின்றன. 'டூயல்' என்ற பெயருக்காக ஒட்டியிருக்கும் இரண்டாவது லென்ஸின் திறன் 0.08 மெகாபிக்ஸல். விரலால் அதை மறைத்துக்கொண்டு எடுத்தாலும் படத்தில் வித்தியாசம் இல்லை.

பட்டியலில் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்று மட்டும் இருந்தது, எத்தனை ஆண்டு அப்டேட் என்று இல்லை. செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி பேட்ச்' தேதியைப் பார்த்தால், ஆறாவது மாத முடிவில் அது நான்கு மாதம் பின்தங்கியிருந்தது. கூகுள் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து அறிவிக்கிறது. யுபிஐ ஓடும் போனுக்கு அவை வந்து சேராமல் இருப்பது படம் மங்கலாக வருவதைவிடக் கவலைக்குரியது.

ஆக, பேச்சு, வாட்ஸ்அப், யுபிஐ, மாலையில் கொஞ்சம் யூடியூப் என்ற அளவில் பயன்படுத்தும் வீட்டுக்கு இந்தப் போன் கொடுத்த காசுக்குத் தகும். நாள் முழுவதும் வெயிலில் மேப் ஓட்டிப் பிழைப்பவருக்குத் தகாது. அவர் இரண்டாயிரம், மூவாயிரம் கூடப் போட்டு 6 ஜிபி உண்மையான ரேமும் 128 ஜிபி யுஎஃப்எஸ் ஸ்டோரேஜும் உள்ளதைப் பார்க்கலாம். கடையில் பணம் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: விர்ச்சுவலைக் கழித்தால் ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எந்த வகை, பெட்டிக்குள் இருக்கும் சார்ஜர் எத்தனை வாட், செக்யூரிட்டி அப்டேட் எத்தனை ஆண்டுக்கு வரும். பெட்டியில் பதில் இல்லாவிட்டால் கடையில் வைத்திருக்கும் டெமோ போனை வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, செட்டிங்ஸில் பேட்ச் தேதியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.