பதினாறாம் வாய்ப்பாடும் 12 ஜிபி கார்டும்

பள்ளிச் சுவரில் தொங்கும் வாய்ப்பாட்டு சார்ட்டை நினைத்துப் பாருங்கள். மேலே 1 முதல் 16, இடது ஓரத்தில் 1 முதல் 16, நடுவில் 256 கட்டங்கள். இதைப் போனில் ஒருவருக்குச் சொல்ல 256 எண்களையும் ஒப்பிக்கத் தேவையில்லை. மேல் வரிசையும் ஓர வரிசையுமாக 32 எண்களைச் சொன்னால் போதும், மீதியை அவரே பெருக்கி நிரப்பிக்கொள்வார். லோரா என்று எஞ்சினியர்கள் சொல்லும் வித்தை இதுதான். மைக்ரோசாஃப்டில் எட்வர்ட் ஹூவும் கூட்டாளிகளும் 2021ல் வெளியிட்டது.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஆங்கில மெயிலிலிருந்து ஆர்டர் எண், பொருள், குறை மூன்றையும் பிரித்துத் தர லாமா 2 மாடலைப் பழக்க வேண்டும். மாடலில் சுமார் 670 கோடி எண்கள். கையில் இருப்பதோ 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு.

ஓர் எண்ணுக்கு 2 பைட் என்றால் மாடலை ஏற்றவே 13 ஜிபிக்கு மேல் ஆகும். பயிற்சி தொடங்கினால் கதை இன்னும் மோசம். ஒவ்வோர் எண்ணையும் எந்தப் பக்கம் நகர்த்துவது என்ற கணக்கு (கிரேடியன்ட்), துல்லியமான நகல் ஒன்று, ஆடம் என்ற முறை நினைவில் வைக்கும் இரண்டு சராசரிகள் எல்லாம் சேர்ந்து, வழக்கமான முறையில் எண்ணுக்கு 16 பைட் பிடிக்கும். மொத்தம் நூறு ஜிபியைத் தாண்டும். இடத்தை அடைப்பது மாடலைவிட அதன் பரிவாரம்தான். ஓர் எண்ணை மாற்றப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் அதற்குப் பரிவாரமும் வேண்டாம்.

லோரா அப்படியே செய்கிறது. பழைய எண்கள் அத்தனையையும் உறைய வைத்துவிடுகிறது. மாடலின் ஓர் அடுக்கில் 4096 வரிசை, 4096 பத்தி கொண்ட ஒரு கட்டம் இருக்கிறது. 1 கோடியே 67 லட்சம் எண்கள். அதில் செய்ய வேண்டிய திருத்தத்தை நேரடியாக எழுதாமல், எட்டு வாய்ப்பாடுகளைப் போட்டுக் கூட்டினால் வருவதாக வைத்துக்கொள்கிறோம். ஒரு வாய்ப்பாட்டுக்கு 4096 + 4096 எண்கள், எட்டுக்கு 65,536. முழுக் கட்டத்தில் 256ல் ஒரு பங்கு. இந்த எட்டைத்தான் r என்கிறார்கள். எட்டு எப்படிப் போதும் என்று சந்தேகம் வருவது நியாயம். ஹூ குழு ஜிபிடி-3ல் சோதித்த சில வேலைகளுக்கு ஒரே வாய்ப்பாடுகூடப் போதுமானதாக இருந்தது. ஒரு குறிப்பிட்ட வேலைக்கான திருத்தம் அவ்வளவு சிக்கலானதல்ல.

தொடக்கத்தில் ஒரு பக்க எண்கள் எல்லாம் பூஜ்யம், மறுபக்கம் தாறுமாறான சிறு எண்கள். பெருக்கினால் பூஜ்யம் என்பதால் மாடல் முதல் நொடியில் பழையபடியே பேசும். இரண்டு பக்கமும் பூஜ்யமாக இருந்தால் எதுவுமே நகராது.

```python
config = LoraConfig(r=8, lora_alpha=16,
    target_modules=["q_proj", "v_proj"],
    task_type="CAUSAL_LM")
model = get_peft_model(model, config)
model.print_trainable_parameters()
```

32 அடுக்குகளில் அடுக்குக்கு இரண்டு கட்டங்கள் என்று எடுத்தால், கடைசி வரி 4,194,304 என்று காட்டும். இவற்றின் பரிவாரத்துக்கு எழுபது எம்பிகூட ஆகாது.

ஆனாலும் உறைந்த மாடல் 13 ஜிபி இருக்கிறதே? அதற்கு 2023ல் டிம் டெட்மர்ஸ் குழு வழி சொன்னது. உறைந்த எண்களை 4 பிட்டாகச் சுருக்கி வைத்து, கணக்குப் போடும்போது மட்டும் விரிப்பது. பெயர் கியூலோரா. மாடல் ஏறக்குறைய 4 ஜிபிக்குள் அடங்கிவிடும். மிச்ச இடம் நடுக்கணக்குகளுக்கு. நீளமான மெயில் வந்து கார்டு திணறினால் r-ஐக் குறைத்துப் பயனில்லை. `gradient_checkpointing`-ஐப் போடுங்கள், ஒரு தடவைக்கு ஒரு மெயில் மட்டும் கொடுங்கள். நேரம் கூடும், ஓடும்.

நான் முதல் தடவை சறுக்கியது லேர்னிங் ரேட்டில். முழுப் பயிற்சிக்குப் பழகிய `2e-5`-ஐ அப்படியே போட்டேன். இரவெல்லாம் ஓடியும் லாஸ் அசையவே இல்லை. பத்து மடங்கு கூட்டி `2e-4` என்று மாற்றிய பிறகுதான் இறங்கியது. இன்னொரு தொல்லை, பயிற்சி முடிந்த மாடல் மூன்று விவரங்களையும் சரியாகச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் உளறிக்கொண்டே போவது. வெற்றிடம் நிரப்பும் குறியாக முடிவுக் குறியையே வைத்துவிட்டால், லாஸ் கணக்கிலிருந்து இரண்டும் சேர்ந்து விலகிவிடும். எங்கே நிறுத்துவது என்று மாடல் கற்றுக்கொள்ளாது.

பதில் எந்த வடிவில் வர வேண்டும், எந்தத் தொனியில் வர வேண்டும் என்பதை இந்த முறை நன்றாகக் கற்றுத் தரும். உங்கள் கம்பெனியின் விலைப்பட்டியலை மாடலுக்குள் ஏற்ற நினைத்தால் இதை நம்பாதீர்கள்; பட்டியலை டேட்டாபேஸில் வைத்து, கேள்வியோடு சேர்த்துக் கொடுங்கள்.