இரவு ஒன்பதரைக்கு வைஃபை நிற்க வேண்டும்

வீட்டு ரௌட்டரில் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்த பெற்றோர் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "போட்டேன், ஆனா வேலை செய்யல." பெரும்பாலும் ரௌட்டர் கெட்டுப்போயிருக்காது. அதன் கடிகாரம் தவறாக இருக்கும், அல்லது பிள்ளையின் போனை அதற்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

எட்டாம் வகுப்புப் பையன் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பள்ளி நாட்களுக்கு முந்தைய இரவுகளில் 9:30 முதல் காலை 6 மணி வரை அவன் டேப்லெட்டில் நெட் வரக் கூடாது. அப்பாவின் அலுவலக லேப்டாப்பில் மட்டும் வர வேண்டும். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வைஃபையில் இணைந்திருக்கும்போது பிரவுசரில் அதை அடித்தால் ரௌட்டரின் பக்கம் திறக்கும். அங்கே Parental Control என்ற பகுதியைத் தேடுங்கள். சில பெட்டிகளில் அது Access Control அல்லது Security என்பதற்குள் இருக்கும். உள்ளே போக வேண்டிய பாஸ்வேர்டு பல பெட்டிகளில் அதே ஸ்டிக்கரில்தான் அச்சாகியிருக்கிறது. பையனும் அதைப் படிப்பான். ஆகவே முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

அடுத்து கடிகாரம். System Tools அல்லது Time என்ற பக்கத்தில் நேர மண்டலம் GMT+05:30 என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் GMT என்று இருந்தால், 9:30 என்று நீங்கள் எழுதிய விதி நம் நேரப்படி விடியற்காலை 3 மணிக்குத்தான் தொடங்கும். காலை 11:30 வரை நீடிக்கும். இரவெல்லாம் வீடியோ ஓடி, காலையில் பள்ளிப் பாடத்துக்கு நெட் வரவில்லை என்று பிள்ளை சொன்னால், சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இனி விதியை எழுதலாம். பல ரௌட்டர்களுக்கு நள்ளிரவைத் தாண்டும் விதி புரியாது. 21:30 முதல் 06:00 வரை என்று எழுதினால் சில பெட்டிகள் ஏற்காது. சில ஏற்றுக்கொண்டு எதுவும் செய்யாது. இரண்டாகப் பிரிப்பதே பாதுகாப்பு: 21:30 முதல் 23:59 வரை ஒன்று, 00:00 முதல் 06:00 வரை இன்னொன்று. கிழமைகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதல் விதிக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை. இரண்டாவதற்குத் திங்கள் முதல் வெள்ளி வரை, ஏனென்றால் ஞாயிறு இரவின் பிற்பகுதி ரௌட்டருக்குத் திங்கட்கிழமை. இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் குறிக்கும் நேரம் சில பெட்டிகளில் தடுக்கும் நேரம், சிலவற்றில் அனுமதிக்கும் நேரம். ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்கும் ஒரு விதியைப் போட்டு, டேப்லெட்டில் இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஏற்கெனவே ஓடும் வீடியோவை வைத்துச் சோதிக்காதீர்கள். முன்கூட்டியே இறங்கிய பகுதி சற்று நேரம் ஓடத்தான் செய்யும்.

எல்லாம் சரியாக இருந்தும் தடை சில நாட்களில் செயலிழந்தால், காரணம் மேக் முகவரி. ஒவ்வொரு கருவியையும் ரௌட்டர் இந்தப் பன்னிரண்டு எழுத்து எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலம் தொட்டு, நாம் எங்கே போகிறோம் என்று பிறர் பின்தொடராமல் இருக்க, போன்கள் வைஃபையில் உண்மையான எண்ணுக்குப் பதில் ஒரு பொய் எண்ணைக் காட்டுகின்றன. வைஃபை பெயருக்குப் பெயர் அந்த எண் வேறு. வீட்டில் 2.4, 5 என இரண்டு பெயர்களில் வைஃபை இருந்தால், பையன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினாலே ரௌட்டருக்கு அவன் புது ஆள். எண்ணின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பொய் எண் என்று கொள்ளலாம். போனின் வைஃபை அமைப்பில் Use device MAC என்று மாற்றலாம். ஐபோனில் Private Wi-Fi Address என்பதை அணைக்கலாம். ஆனால் பிள்ளை அதை மறுபடி மாற்ற எத்தனை நொடி ஆகும்?

அதனால் நான் பரிந்துரைப்பது வேறு வழி. பிள்ளைகளுக்கென்று தனிப் பெயரில், தனிப் பாஸ்வேர்டோடு ஒரு வைஃபை உருவாக்குங்கள். Guest Network என்ற வசதி அதற்குப் போதும். நேர அட்டவணையை அந்தப் பெயர் முழுமைக்கும் போடுங்கள். எந்த எண்ணில் வந்தாலும் 9:30க்கு வாசல் மூடிவிடும். ஒரு பெயருக்கு மட்டும் அட்டவணை போடும் வசதி எல்லாப் பெட்டிகளிலும் இல்லை. வாங்கும் முன் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களின் பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றிவிட்டு, பூட்டாத போனை மேசையில் விடாதீர்கள். Share என்பதைத் தொட்டால் வரும் க்யூஆர் குறியீடு ஒன்றே அதைப் பிள்ளையின் போனுக்குக் கடத்திவிடும்.

தடையை ஒளித்து வைக்காமல், எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நண்பர்களோடு ஆடும் விளையாட்டு பாதியில் அறுந்தால் வரும் கோபம் நியாயமானது.

போனில் சிம் இருந்தால் ரௌட்டரால் எதுவும் செய்ய முடியாது. மொபைல் டேட்டா ரௌட்டர் வழியாகப் போவதில்லை. அந்தப் போனுக்கு ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம் ஆகியவற்றில் உறங்கும் நேரத்தைத் தனியாகக் குறித்துவிடுங்கள்.