சிறுமிக்கு ஷூ எங்கே?

ரசிகர் கடிதம் என்றாலே புகழ்மாலைதான். 2018-இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரிக்கு வந்த ஒரு கடிதம் வேறு ரகம். எழுதியவள் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி. அப்பாவோடு ஆட்டம் பார்க்கப் பிடிக்கும் என்று தொடங்கியவள், நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்: கரி பெயரில் விற்கும் 'கரி 5' ஷூ, இணையதளத்தில் சிறுமிகள் பிரிவில் இல்லை, சிறுவர்களுக்கு மட்டும் இருக்கிறது. உங்களுக்கும் இரண்டு மகள்கள், பெண்களுக்கெனப் பயிற்சி முகாமும் நடத்துகிறீர்களே என்று மடக்கினாள். கெட்டிக்காரி!

கரி கைப்பட பதில் எழுதினார். அந்தக் குறை சரிசெய்யப்பட்டது. 2019 மகளிர் தினத்தையொட்டி வந்த 'கரி 6' ஷூவின் உள்தளத்தில் அவள் வரைந்த படங்களும் இடம்பெற்றன.