படத்திலிருந்து எடுத்த பி மதிப்புகள்

ஒரே ஆய்வில் பல சோதனைகள் செய்தால், சில முடிவுகள் தற்செயலாகவே 0.05-க்குக் கீழே வந்துவிடும். கண்டுபிடிப்பு என்று அறிவிப்பவற்றில் பொய்யானவை சராசரியாக எத்தனை விழுக்காடு என்பதைக் கட்டுக்குள் வைக்கும் முறையை பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995-இல் வெளியிட்டார்கள். அவர்கள் காட்டிய உதாரணம், மாரடைப்பு மருந்துகள் இரண்டை ஒப்பிட்ட ஆய்வின் 15 பி மதிப்புகள்.

மதிப்புகளைச் சிறியதிலிருந்து அடுக்கி, ஒவ்வொன்றையும் 15-ஆல் பெருக்கி வரிசை எண்ணால் வகுக்க வேண்டும். நான்காவதான 0.0095 இப்படி 0.0356 ஆகிறது, ஐந்தாவதான 0.0201 எல்லையைத் தாண்டி 0.0603 ஆகிறது. பின்னால் வருவது முன்னதைவிடச் சிறியதானால், அந்தச் சிறியதே முன்னதற்கும் பொருந்தும். ஆர் மென்பொருளில் இதற்கு ஒரே வரி:

```
p.adjust(p, method = "BH")
```

ஆக, நான்கு முடிவுகள் தேறுகின்றன.

அட்டவணையைப் படம் பிடித்து எழுத்துணரி மூலம் எடுத்தால், 0.0095 ஒரு சுழியை இழந்து 0.095 ஆகலாம், அப்போது மூன்றே தேறும். ஏறுவரிசை அட்டவணையில் அந்த எண் இடம் மாறி நிற்பதால் கண்ணில் பட்டுவிடும். விடுபட்ட வரிகள்தாம் உண்மையான ஆபத்து. படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, 0.3240 முதலான ஆறு பெரிய மதிப்புகள் போய்விட்டால், பெருக்கும் எண் 9 ஆகிவிடும். ஒன்பதாவதான 0.0459 அப்படியே நிற்கும், ஒன்பதும் தேறிவிடும். எனவே கணக்கிடுமுன் மூல அட்டவணையின் வரிகளை எண்ணிச் சரிபார்ப்பது அவசியம்.