பாதி மாதச் சோறும் மீதி மாதப் பணமும்

பாறசாலை, உதியன்குளங்கரை, தனுவச்சபுரம், செங்கல் என்று நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், பிள்ளைகளை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டில் தனியே இருக்கும் முதியவர்களும், வேற்றூரிலிருந்து வங்கிக்கும் பள்ளிக்கும் உத்தியோகத்துக்கு வந்து ஒற்றை அறையில் குடியிருப்பவர்களும், மாதத் தொடக்கத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டை வீட்டு வாசலில் பெற்றுக்கொள்ளும் வழக்கம் இப்போது சகஜமாகிவிட்டது. சோறும், பருப்போ புளிச்சேரியோ ஒன்றும், தோரனும், வாரத்தில் சில நாள் மீன்கறியும் அடங்கிய கேரியர் பன்னிரண்டரை மணிக்குள் வந்து சேர்ந்துவிட்டால், அடுப்பு மூட்ட முடியாத ஒரு வீட்டுக்கு அதைவிடப் பெரிய சௌகரியம் வேறில்லை. மாதத்தின் நடுவில், முன்னறிவிப்பு எதுவுமின்றி, ஒரு திங்கட்கிழமை அந்தக் கேரியர் வராமற்போகும்போதுதான், கொடுத்த பணத்துக்கு நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்ற கேள்வி முதன்முதலாக எழுகிறது.

தொலைபேசியில் கேட்டால் முதலில் சமையல்காரருக்கு உடம்பு சரியில்லை என்பார்கள். மறுநாள் வண்டிக்காரப் பையன் நின்றுவிட்டான் என்பார்கள். அதற்கும் மறுநாள், “அண்ணாச்சி, உங்க பைசா எங்கயும் போவாது, கணக்குப் பாத்துத் தாறேன்” என்று உறுதி சொல்வார்கள். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. அவர் பல சமயங்களில் உண்மையாகவே தர எண்ணுகிறார். ஆனால் எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்ற இரண்டும் அந்த வாக்கில் இல்லாமையால், பத்து நாள் கழித்து அது வாக்காகவும் இராமல் மறுப்பாகவும் இராமல் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் இவ்விஷயத்தில் வாடிக்கையாளர் முதலில் செய்ய வேண்டியது சண்டையன்று, கணக்கு.

ஒரு கணக்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். முப்பது நாள் மாதம் ஒன்று திங்கட்கிழமையில் தொடங்குகிறது, ஞாயிறு விடுமுறை, ஆக 26 சாப்பாடு. சாப்பாட்டுக்கு 2,600 ரூபாயும், கொண்டுவந்து தரும் கூலியாக 260 ரூபாயும், கேரியருக்கு முன்வைப்பாக 500 ரூபாயும் கட்டியிருக்கிறோம். 13ஆம் தேதி சனிக்கிழமை வரை 12 சாப்பாடு வந்தது. 15ஆம் தேதி திங்கள் முதல் நின்றுவிட்டது. வராத சாப்பாடு 14. ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 1,400; கூலி நாளொன்றுக்கு 10 வீதம் 140; கேரியரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் 500; மொத்தம் 2,040 ரூபாய். இதையே சிலர் மாதத்தை முப்பதால் வகுத்து, எஞ்சிய 16 நாளுக்கு என்று கணக்கிட்டுச் சாப்பாட்டுப் பணம் 1,386 ரூபாய் 67 காசு என்பார்கள். வித்தியாசம் சொற்பந்தான், ஆயினும் நாம் விலைக்கு வாங்கியது சாப்பாட்டையே அன்றி நாட்களை அல்லவாதலால், சாப்பாட்டு எண்ணிக்கையால் வகுப்பதே முறை. ஊருக்குப் போனபோது முன்கூட்டிச் சொல்லி நிறுத்திவைத்த நாட்களுக்குப் பதிலாகப் பின்னால் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால், அந்தச் சாப்பாடுகளும் வராதவற்றின் பட்டியலில் சேரும்.

பெரிய வித்தியாசம் வருவது வேறோர் இடத்தில். ஒரு வேளைச் சாப்பாடு தனியாக வாங்கினால் 130 ரூபாய் என்றும், மாதக் கணக்கில் எடுத்தவர்களுக்கே 100 என்றும் விலை வைத்திருப்பார்கள். மாதம் பூர்த்தியாகாததால் சலுகை செல்லாது என்று சொல்லி, வந்த 12 சாப்பாட்டுக்கு 130 வீதம் 1,560 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதி 1,040 ரூபாயைத்தான் தருவோம் என்பது அடிக்கடி எழும் வாதம். 360 ரூபாய் இப்படி மாயமாகிவிடுகிறது. வாடிக்கையாளர் தாமாகவே நடுவில் விலகி, அதற்கு அப்படி ஒரு நிபந்தனையும் முன்பே பேசப்பட்டிருந்தால், அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. நிறுத்தியவர் தருபவராக இருக்கும்போது, தாம் முறித்த உடன்படிக்கையின் பேரில் தாமே லாபம் அடைவது எந்த நியாயத்திலும் சேராது. அடுத்த மாதக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறோம் என்பதும் இதே ஜாதியைச் சேர்ந்த யோசனை. சமையல்காரர் இல்லாத சமையலறையில் வரவு வைத்த சோற்றைச் சாப்பிடுவது எப்படி என்று மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

உணவகத்தில் சாப்பிட நேர்ந்த அதிகச் செலவையும் கேட்கலாமா என்று வினவுவார்கள். கேட்கலாம், ரசீதுகளை வைத்திருக்க வேண்டும். ஆனால் அதை 2,040 ரூபாயோடு கலந்துவிடக் கூடாது. வராத சாப்பாட்டின் பணம் என்பது வகுத்தலாலும் பெருக்கலாலும் முடிவாகும் தொகை; நஷ்ட ஈடு என்பது வாதத்தால் முடிவாகும் தொகை. இரண்டையும் ஒரே எண்ணாக எழுதிவிட்டால், தர்க்கத்துக்கு இடமில்லாத முதலாவதும் தர்க்கத்தில் அகப்பட்டுக்கொள்ளும். மேலும், சமையல்காரர் நோயில் விழுந்தார், வெள்ளத்தில் சமையலறை மூழ்கியது என்பன போன்ற காரணங்கள் நஷ்ட ஈட்டுக்கு எதிராக நிற்கக்கூடும்; பணத்தைத் திருப்புவதற்கு எதிராக நிற்கமாட்டா. நடத்த இயலாமற்போன உடன்படிக்கையின் பேரில் பெற்ற பலனைத் திருப்பித் தரவேண்டும் என்று 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆவது பிரிவு சொல்கிறது. யார் குற்றம் என்ற ஆராய்ச்சி அதற்கு வேண்டியதில்லை.

கணக்கு முடிந்ததும் கடிதம். தமிழிலோ மலையாளத்திலோ, நீளமில்லாமல் இப்படி எழுதினால் போதும்:

“தங்கள் மாதச் சாப்பாட்டுக்காக 1ஆம் தேதி 2,860 ரூபாயும் கேரியர் முன்வைப்பு 500 ரூபாயும் செலுத்தினேன். 13ஆம் தேதி வரை 12 சாப்பாடு வந்தது. 15ஆம் தேதி முதல் வரவில்லை. வராத 14 சாப்பாட்டுக்கு 1,400, கூலி 140, முன்வைப்பு 500, ஆக 2,040 ரூபாயை, நான் பணம் அனுப்பிய அதே கணக்குக்கு, இன்றிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் அனுப்பிவைக்கக் கோருகிறேன். சேவை நின்ற தேதி, திருப்பவேண்டிய தொகை, அனுப்பும் தேதி ஆகிய மூன்றையும் எழுத்து மூலம் உறுதிசெய்யவும். கேரியர் கழுவி வைத்திருக்கிறது; பெற்றுக்கொள்ளலாம்.”

இதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு, ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்வது நல்லது. பதினைந்து நாள் என்பது நாம் வைக்கும் கெடு. சட்டம் வைக்கும் கெடுவும் ஒன்று உண்டு: ரசீதில் காலம் குறிப்பிடப்படாதபோது, குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை முப்பது நாட்களுக்குள் திருப்ப மறுப்பது 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. ரசீதே தராமலிருப்பதும் அதே சட்டத்தில் அதே பெயர் பெற்றிருக்கிறது. ஒரு வீட்டு அடுக்களையில் நடக்கும் சிறு தொழிலுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்ற சந்தேகம் வேண்டாம். சேவை என்பதற்கு அச்சட்டம் சொல்லும் இலக்கணத்திலேயே பணம் பெற்று உணவளிப்பதும் தங்கவைப்பதும் இடம்பெற்றிருக்கின்றன.

எழுத்து மூலமான உறுதி எதற்கு, பணம் வந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். பணம் முழுவதும் ஒரே தடவையில் வருவது அபூர்வம். ஐந்நூறு வரும், பிறகு இருநூறு வரும். ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை எழுத்தில் இல்லாவிட்டால், முதலில் வந்த ஐந்நூறையே முழுத் தீர்வு என்று பின்னால் சொல்ல இடமுண்டு. அவர்கள் அனுப்பும் உறுதியிலும் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற ஒரு வரி சாதுவாக உட்கார்ந்திருக்கலாம். அதற்கு ‘சரி’ என்று பதில் அனுப்புமுன் தொகை முழுமையா என்று பார்க்க வேண்டும். பகுதித் தொகை வந்தால், ‘2,040 ரூபாயில் 500 பெற்றுக்கொண்டேன், 1,540 பாக்கி’ என்று அன்றே எழுதி அனுப்பிவிடுவது உத்தமம்.

இனி எல்லையின் சங்கதி. 1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றதிலிருந்து, இங்கே ஒரு தெருவின் சோறு ஒரு ராஜ்யத்தில் வெந்து மற்றொரு ராஜ்யத்தில் உண்ணப்படுவது அதிசயமில்லை. சமையலறை களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கிறது. சாப்பிடுபவர் பாறசாலையில் இருக்கிறார். வழக்கு நாகர்கோவிலிலா, திருவனந்தபுரத்திலா? பழைய 1986ஆம் வருஷத்துச் சட்டத்தில், எதிர்த்தரப்பார் இருக்கும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும் என்றிருந்தமையால், காரணம் எங்கே எழுந்தது என்பதையே முதலில் வாதாட வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்தையும் வேலை செய்யும் இடத்தையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம்; பாறசாலையில் சமைத்ததைக் களியக்காவிளையில் சாப்பிட்டவர் நாகர்கோவிலில் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் கொடுக்கலாம். அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலோ மலையாளத்திலோ முறையிட்டால், அவர்கள் எதிர்த்தரப்பாரைத் தொடர்புகொண்டு சமரசத்துக்கு முயல்வார்கள். உத்தரவிடும் அதிகாரம் மட்டும் அவர்களுக்கு இல்லை.

இவ்வளவும் இருந்தும் வழக்கு தோற்றுப்போகும் இடம் ஒன்றுண்டு. அது சட்டத்தில் இல்லை, விலாசத்தில் இருக்கிறது. ஒரு கைப்பேசி எண்ணையும் ஒரு க்யூஆர் அட்டையையும் தவிர வேறெதுவும் தெரியாத ஒருவருக்கு ஆணையம் நோட்டீஸ் அனுப்ப முடியாது. உணவுத் தொழில் நடத்துபவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறை கொடுக்கும் பதினான்கு இலக்கப் பதிவு எண்ணை, முதல் மாதப் பணம் கட்டும்போதே கேட்டு, பெயரோடும் விலாசத்தோடும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. உத்தரவு கிடைத்தும் தராதவருக்குச் சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ விதிக்க 72ஆவது பிரிவில் இடமிருந்தாலும், உள்ளபடியே நொடித்துப்போன ஒருவரிடமிருந்து 2,040 ரூபாய் வாங்குவது சுலபமன்று. மாத முழுவதற்கும் முன்பணம் கட்டாமல் வாராவாரம் கட்டுவதற்குச் சம்மதிக்கும் இடமாகப் பார்த்துச் சேருவது, இந்த ஒரு காரணத்துக்காகவே மேலானது.

சாப்பாடு நின்று சில மாதங்கள் ஆகிவிட்டவர்களும் இனி பயனில்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. காரணம் எழுந்த தேதியிலிருந்து இரண்டு வருஷம் வரை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.