அட்வான்ஸ் என்பது ஒரு பணமா, இரண்டா?

சென்னையில் வீடு காலி செய்யும் வாரத்தில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை, குடிவந்த நாளிலேயே விதைக்கப்பட்டவை. அன்று ஒரு தொகை கைமாறுகிறது. இரு தரப்பும் அதை ‘அட்வான்ஸ்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். குடிவருபவர் மனதில் அது என்றைக்காவது வாடகையில் கழிந்துபோகிற பணம். வீட்டுக்காரர் மனதில் அது வீட்டுக்கு ஏதாவது ஆனால் பிடித்துக்கொள்ள வேண்டிய பணம். காலி செய்யும்போதுதான் இரண்டு பேரும் வேறு வேறு பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தெரியவருகிறது.

இதைத் தவிர்க்க ஒரு பக்கக் கடிதம் போதும். பணம் வாங்கிய அன்றே வீட்டுக்காரர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். வேளச்சேரியில் ஓர் இரண்டு படுக்கையறை வீடு, மாத வாடகை 15,500 ரூபாய், பதினோரு மாத ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். வயதில் மூத்த வீட்டுக்காரர், புதிதாகக் குடிவரும் இளைஞருக்கு எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

“அன்புள்ள தம்பிக்கு, வணக்கம். இன்று, 2024 ஜூன் 1, உங்களிடமிருந்து வங்கி வழியாக 62,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன். இதில் 46,500 ரூபாய் பாதுகாப்பு வைப்புத் தொகை, அதாவது டெபாசிட். மூன்று மாத வாடகைக்குச் சமமான இந்தப் பணம் உங்களுடையது; என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் குடியிருக்கும் வரை இதை எந்த மாத வாடகையிலும் கழிக்க மாட்டோம். நீங்கள் காலி செய்து சாவியைக் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், உங்கள் பொறுப்பில் வரும் பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கணக்குக் காட்டிக் கழித்துவிட்டு, மீதியைத் திருப்பித் தருவேன். மற்ற 15,500 ரூபாய் முன்கூட்டிய வாடகை. இது நீங்கள் குடியிருக்கும் கடைசி மாதத்துக்கு உரியது. அந்த மாதம் நீங்கள் தனியாக வாடகை தர வேண்டாம். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு மாத நடுவில் காலி செய்தால், குடியிருந்த நாட்களுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சாவி வாங்கும் அன்றே கொடுத்துவிடுவேன். இன்றைய மீட்டர் ரீடிங்கும் வீட்டின் புகைப்படங்களும் இதனுடன் இருக்கின்றன. பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.”

இந்தக் கடிதத்தின் அச்சாணி ஒரே ஒரு கேள்வி: பணம் யாருடையது? டெபாசிட் குடியிருப்பவரின் பணம். வீட்டுக்காரருக்கு அதன்மேல் உள்ளது ஒரு பிடிமானம் மட்டுமே. பாக்கியோ சேதமோ இருந்தால்தான் அதில் கைவைக்க முடியும். முன்கூட்டிய வாடகை அப்படியல்ல. அது வாடகைதான், கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது. எந்த மாதத்துக்கென்று கொடுக்கப்பட்டதோ அந்த மாதம் குடியிருந்து முடித்ததும் அது தீர்ந்துபோகிறது. அதைத் திருப்பிக் கேட்க முடியாது. அந்த மாதம் குடியிருக்கவில்லையென்றால் மட்டுமே திரும்பி வர வேண்டும்.

தமிழ்நாட்டின் இன்றைய வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டமும் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. டெபாசிட்டைப் பற்றிப் பேசுவது அதன் 11ஆம் பிரிவு. மாத வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்கிறது. முன்கூட்டிய வாடகைக்கு வேறு இடத்தில் விதி வைத்திருக்கிறது: வீட்டுக்காரர் சட்டப்படி வீட்டைத் திரும்பப் பெறும்போது, முன்னதாக வாங்கிய வாடகை கையில் இருந்தால், தனக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, வீட்டைப் பெறுவதற்கு முன்பே மீதியைக் கொடுத்துவிட வேண்டும். குடியிருப்பவர் தாமாகக் கிளம்பும்போது என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்தில்தான் தெளிவாக எழுத வேண்டும். அதனால்தான் மேலே உள்ள கடிதத்தில் மாத நடுவில் காலி செய்வது பற்றிய வரி இருக்கிறது.

மூன்று மாதம்தான் என்று சட்டம் சொல்லியும் சென்னையில் பலர் இன்னும் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது எப்படி? ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டாலன்றி’ என்ற பொருளில் அதே பிரிவு தொடங்குகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று இருந்தால், மூன்று மாத வரம்பு உங்களுக்குத் துணைக்கு வருவது கடினம். என் பார்வையில் இது சட்டத்தின் பெரிய ஓட்டை. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதற்கும் ஒத்துக்கொள்வார். ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

‘கடைசி மூணு மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க’ என்ற பேச்சுக்கும் ஒரு பழைய வேர் உண்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைத் தடுத்தது. அதற்கு மேல் வாங்கிய பணத்தை வாடகைப் பாக்கியில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. இன்று டெபாசிட்டை நம்பி வாடகையை நிறுத்தினால் அது பாக்கியாகவே எண்ணப்படும். இரண்டு மாத பாக்கி என்பது காலி செய்யச் சொல்லி வழக்குப் போடுவதற்குப் போதுமான காரணம். வீட்டுக்காரர் பக்கம் பார்த்தால், மூன்று மாத டெபாசிட் முழுவதும் வாடகையில் கரைந்த பிறகு, உடைந்த கண்ணாடிக்கும் கட்டாத கரண்ட் பில்லுக்கும் பிடித்துக்கொள்ள அவரிடம் ஒன்றும் மிஞ்சாது. முன்கூட்டிய வாடகை என்று ஒரு மாதத்தைத் தனியாக வாங்கிவிட்டால், கடைசி மாதம் காசு கொடுக்காமல் இருக்க நினைப்பவருக்கும் வழி கிடைக்கிறது, டெபாசிட்டும் தப்பிக்கிறது.

இனி நம் வேளச்சேரி வீட்டுக் கணக்குக்கு வருவோம். இளைஞருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். டிசம்பர் 20ஆம் தேதி எழுத்தில் தகவல் சொல்லி, 2025 ஜனவரி 20 அன்று சாவியை ஒப்படைக்கிறார். டிசம்பர் வரை வாடகை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். ஜனவரிதான் கடைசி மாதம் என்பதால் அதற்குத் தனியாகக் கட்டவில்லை. 31 நாள் மாதத்துக்கு 15,500 என்றால் ஒரு நாளைக்கு 500 ரூபாய். இருபது நாளுக்குப் பத்தாயிரம் போக, முன்கூட்டிய வாடகையில் 5,500 ரூபாய் மிஞ்சுகிறது. அது சாவி வாங்கும் அன்றே அவர் கணக்குக்குப் போகிறது. இந்தத் தொகையில் உடைசல், பெயின்ட் என்று எதையும் கழிக்க முடியாது. அந்த வேலைக்குத்தான் டெபாசிட் இருக்கிறது.

டெபாசிட் கணக்கைப் பார்க்க, வீட்டுக்காரர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். நம் ஊரில் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், காலி செய்யும் நாளும் பில் வரும் நாளும் பொருந்துவது அபூர்வம். அன்றைய ரீடிங்கை இருவரும் சேர்ந்து படம் எடுத்து, கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போடுகிறார்கள்: 1,180 ரூபாய். படுக்கையறை ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல், மாற்ற 850. ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது, சரிசெய்ய 600. இந்த இரண்டும் குடியிருப்பவர் செலவு என்பது நம் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி, கழிவறை, வாஷ்பேசின் பழுது, குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்றவை அவர் பக்கம்.

சுவரில் மூன்று ஆணித் துளை, சோபா உரசிய தடம், வெயிலில் வெளுத்த பெயின்ட். இவற்றுக்கு எவ்வளவு? ஒன்றுமில்லை. புழங்கும் வீட்டில் இயல்பாக வரும் தேய்மானம் அது. வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும், உள் வயரிங்கும், குழாய் மாற்றுவதும் அதே அட்டவணையில் வீட்டுக்காரரின் பொறுப்பாகவே இருக்கின்றன. ‘பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவேன்’ என்பதைச் சென்னையில் ஊர் வழக்கம் போலச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால்தான் அதற்கு வலு உண்டு. வாய்ப்பேச்சை வைத்துப் பிடித்தால் அது நியாயமல்ல. ஒப்பந்தத்தை வாசிக்கும்போது விரல் வைத்துத் தேட வேண்டிய வரி இதுதான்.

ஆக மொத்தம் 2,630 ரூபாய் கழிகிறது. 46,500இல் மீதி 43,870. இது பிப்ரவரி 20ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். முன்பு கிடைத்த 5,500ஐயும் சேர்த்தால் இளைஞர் கைக்கு 49,370 ரூபாய் திரும்புகிறது. கழித்த ஒவ்வொன்றுக்கும் ரசீதோ பில்லோ இணைத்து ஒரு தாளில் கொடுத்தால், மனக்கசப்புக்கு இடமே இல்லை.

நடைமுறையில் கணக்கு இங்கே தடுக்கி விழுவதற்கு முக்கியக் காரணம், வாங்கிய டெபாசிட் வீட்டுக்காரரிடம் இல்லாமல் போவது. மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ அது எப்போதோ செலவாகியிருக்கும். ‘அடுத்த ஆள் வரட்டும், அவர்கிட்ட வாங்கித் தர்றேன்’ என்று சொல்வது அதனால்தான். அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு மாதம் என்றுதான் சொல்கிறது. அடுத்த வீட்டுக்கும் டெபாசிட் கட்டியாக வேண்டிய குடும்பத்துக்கு அந்தத் தாமதம் வட்டிக்கு வாங்க வைக்கிற தாமதம். வீடு வாடகைக்கு விடுபவர்கள் டெபாசிட்டைத் தனி வங்கிக் கணக்கிலோ நிரந்தர வைப்பிலோ போட்டு வைப்பது நல்லது. அது அவர்கள் வருமானம் அல்ல, திருப்பித் தர வேண்டிய கடன்.

பணம் தாமதமானால், குடியிருந்தவர் முதலில் தொலைபேசியோடு நிற்காமல் எழுத்தில் கேட்க வேண்டும். காலி செய்த தேதி, டெபாசிட் தொகை, 11ஆம் பிரிவு, ஒரு மாதக் கெடு ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபால். அதற்குத் துணையாகக் கையில் ஆவணம் இருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்கள்தான் இந்த இடத்தில் திண்டாடுகிறார்கள். பதினோரு மாத ஒப்பந்தமாக இருந்தாலும் இந்தச் சட்டத்தின்கீழ் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், tenancy.tn.gov.in என்ற தளத்தில் அதற்கு வசதி இருக்கிறது.

வீடு பார்த்துப் பிடித்துவிட்டது, அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பணத்தை அனுப்புவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: ‘இதில் எவ்வளவு டெபாசிட், எவ்வளவு வாடகை? எது எப்போது திரும்பி வரும்?’ பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் மூன்று மாத வாடகைப் பணத்தை ஒப்படைக்காதீர்கள்.