ஒன்றைக் கூட்டினாலும் நகராத எண்

32 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் ஒன்றை இரண்டு கோடி முறை கூட்டினால், விடை 1,67,77,216-இலேயே நின்றுவிடும். அதன் துல்லியம் 24 பிட்தான். அடுத்து எழுத முடிகிற எண் 1,67,77,218. இடையில் சேரும் ஒன்று சத்தமில்லாமல் உதிர்ந்துபோகிறது. பிழைச் செய்திகூட வராது.

சிறியவற்றை முதலில் கூட்டுவது சில நேரம் உதவும். எல்லாமே ஒன்று என்றால் வரிசையை மாற்றி என்ன பயன்?

1965-இல் வில்லியம் கஹான் வெளியிட்ட முறை, உதிர்ந்ததை `c` என்ற தனிக் கணக்கில் வைக்கிறது:

```
y = x - c
t = s + y
c = (t - s) - y
s = t
```

அந்த எல்லையில் ஒன்றைச் சேர்த்தால் `t` நகராது; ஆனால் `c` -1 ஆகிறது. அடுத்த சுற்றில் `y` இரண்டாகி, கூட்டல் 1,67,77,218-க்குத் தாவுகிறது. பாக்கி தீர்ந்து `c` மீண்டும் பூஜ்யமாகிறது.

`-ffast-math` கொடுத்தால் மட்டும் கவனம் தேவை. இயற்கணிதப்படி `c` பூஜ்யம்தானே என்று கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடலாம்.